ஐடி எண் 9,20231E+12 ஆகிவிட்டதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு சங்கம், கோயில் அலுவலகம், தமிழ்ப் பள்ளி என்று எங்கே போனாலும் ஒரு உறுப்பினர் பட்டியல் இருக்கும். பெயர், பதின்மூன்று இலக்க ஐடி எண், கைப்பேசி, சில சமயம் வங்கிக் கணக்கு. யாரோ ஒருவர் அதை .csv கோப்பாக அனுப்புவார், இன்னொருவர் எக்செலில் திறப்பார், அப்புறம் எனக்கு அழைப்பு வரும்: "தம்பி, ஐடி நம்பர் எல்லாம் E போட்டு வந்திருக்கு, பாதிப் பேருக்கு ஒரே நம்பர் மாதிரி தெரியுது." அந்த அழைப்புகளில் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போகலாம். ஆனால் அடுத்து வரும் சிறு பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு நான் தரும் ஐடி எண்கள் எல்லாம் பிப்ரவரி 30-இல் பிறந்தவர்களுடையவை. அப்படி யாரும் இல்லை என்பதால்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்தேன்.

## எதையும் தொடுவதற்கு முன்

எக்செல் திறந்திருந்தால் சேமிக்காமல் மூடுங்கள். `Save` கேட்டால் `Don't Save`. இந்தக் கோளாறில் உண்மையான சேதம் நடப்பது திறக்கும்போது அல்ல, திறந்ததை மறுபடி .csv ஆகச் சேமிக்கும்போதுதான்.

பிறகு அதே கோப்பின் மேல் வலது கிளிக் செய்து `Open with`, `Notepad`. நோட்பேட் எதையும் மாற்றாது, கோப்பில் இருப்பதை இருக்கிறபடியே காட்டும். அங்கே இரண்டில் ஒன்று தெரியும்.

```
பெயர்;ஐடி;கைப்பேசி
உறுப்பினர் 1;9202305124086;0830000001
உறுப்பினர் 2;0502305124088;0830000002
```

இப்படி முழு எண்கள் இருந்தால் உங்களிடம் நல்ல கோப்பு இருக்கிறது. எக்செல் காட்டியது வெறும் காட்சிக் கோளாறு. கீழே "சரியாக இறக்கும் முறை"க்கு நேராகப் போகலாம்.

நோட்பேடிலேயே `9,20231E+12` என்று இருந்தால், உங்களுக்கு முன்னால் யாரோ அதை எக்செலில் திறந்து சேமித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கோப்பில் எண் இல்லை. அதன் மேல் எந்த ஃபார்முலா போட்டாலும் வராது. "எண்ணின் கடைசியில் ஒரே சுழியமாக இருக்கிறது" என்ற பகுதியைப் பாருங்கள்.

## அறிகுறி 1: திரையில் E+12 அல்லது E+11 தெரிகிறது

ஒரு செல்லைக் கிளிக் செய்து மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். அங்கே `9202305124086` என்று முழுதாக இருந்தால் எண் பத்திரமாக இருக்கிறது. எக்செலின் `General` வடிவம் பதினொரு இலக்கம் வரைதான் முழுதாகக் காட்டும். பன்னிரண்டாவது இலக்கம் வந்தவுடன் E வடிவத்துக்குத் தாவிவிடும். நம் ஐடி எண் பதின்மூன்று இலக்கம் என்பதால் தவறாமல் மாட்டிக்கொள்கிறது. நெடுவரிசை குறுகலாக இருந்தால் `9,2E+12` என்று இன்னும் சுருங்கும். நெடுவரிசையை அகலப்படுத்தினாலும் E போகாது.

புள்ளிக்குப் பதில் காற்புள்ளி ஏன் என்று கேட்பவர்களுக்கு: விண்டோஸில் வட்டாரம் தென்னாப்பிரிக்கா என்று இருந்தால் தசமக் குறி பொதுவாகக் காற்புள்ளிதான். அதனால் ஃபார்முலாக்களில் காற்புள்ளி வர வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி போட வேண்டும். கீழே எல்லாவற்றையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் கணினி ஏற்காவிட்டால் `;` இருக்கும் இடங்களில் `,` போடுங்கள்.

### E-க்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் படியுங்கள்

E+12 என்றால் பதின்மூன்று இலக்கமும் இருக்கின்றன. E+11 என்றால் பன்னிரண்டுதான் இருக்கிறது, முன்னால் ஒரு சுழியம் போய்விட்டது. ஐடி எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். ஆகவே E+11 என்று தெரிபவர்கள் 2001 முதல் 2009 வரை பிறந்தவர்கள்.

2000-இல் பிறந்தவர்கள்தான் விசித்திரம். அவர்களுடைய எண் `00` என்று தொடங்கும், மாதமும் பெரும்பாலும் இன்னொரு சுழியத்தோடு தொடங்கும். மூன்று சுழியமும் உதிர்ந்து `0002305124089` என்பது `2305124089` ஆகிவிடும். பத்து இலக்கம்தானே, E வடிவமே வராது. பார்க்க நல்ல பிள்ளை போல நிற்கும், வரி எண் என்று கூட நினைத்துக்கொள்ளலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களுக்குப் பதினொரு இலக்கம் மிஞ்சும். E தெரியும் வரிசைகளை மட்டும் திருத்திவிட்டு இவர்களை விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

பத்து வருடங்களுக்கு முன்பு சங்கப் பட்டியல்களில் இந்தச் சுழியத் தொல்லை அவ்வளவாக இல்லை. உறுப்பினர் எல்லாருடைய எண்ணும் 4-இலோ 7-இலோ 9-இலோ தொடங்கின. 2000-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் வயதுவந்து பட்டியலுக்குள் வர வர, பழைய பழக்கம் உதைக்கிறது.

### கையில் இருக்கும் தாளில் அப்போதைக்குப் பார்க்க மட்டும்

நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து `Ctrl+1`, `Number` தாவல், `Custom`, `Type` பெட்டியில் பதின்மூன்று சுழியம்:

```
0000000000000
```

எல்லாம் பதின்மூன்று இலக்கமாகத் தெரியும், போன சுழியமும் வந்துவிட்டது போல இருக்கும். அச்சிட இது போதும். ஆனால் உள்ளே இருப்பது இன்னும் எண்தான். இதை .csv ஆகச் சேமித்தால் சுழியத்தோடு சரியாகவே எழுதும். அடுத்த ஆள் அதை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் பழையபடி உதிர்ந்துவிடும். எனவே இது தீர்வு அல்ல.

## அறிகுறி 2: முன்னால் இருந்த சுழியம் காணோம்

ஐடி மட்டுமல்ல. கைப்பேசி எண் பத்து இலக்கம் ஒன்பதாகும். ப்ரிட்டோரியா அஞ்சல் குறியீடு `0002` வெறும் `2` ஆகும். ஸ்டாண்டர்ட் பேங்கின் பொதுக் கிளைக் குறியீடு `051001`, எக்செலில் `51001` என்று நிற்கும்.

### நல்ல மூலக் கோப்பு இருந்தால்

மறுபடி இறக்குங்கள். ஃபார்முலாவால் ஒட்டுப்போடுவதை விட அது எப்போதும் மேல்.

### மூலம் இல்லை, எக்செல் கோப்பு மட்டும்தான் இருக்கிறது

சுழியம் மட்டும் போயிருந்தால் திரும்பக் கொண்டுவரலாம், ஒரே நிபந்தனைதான்: எண்ணின் நீளம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐடிக்கு அது உண்டு. பக்கத்தில் வெற்று நெடுவரிசை ஒன்றில்:

```
=IF(ISNUMBER(B2);TEXT(B2;"0000000000000");B2&"")
```

முன்னால் `ISNUMBER` போடுவது வீண் இல்லை. பட்டியலில் ஐடிக்குப் பதில் பாஸ்போர்ட் எண் தந்தவர்கள் இருப்பார்கள், காலியான செல்கள் இருக்கும். வெறும் `TEXT` போட்டால் காலிச் செல்லுக்கும் பதின்மூன்று சுழியம் கொண்ட ஒரு போலி ஐடி பிறந்துவிடும்.

முடிவு நெடுவரிசையைக் காப்பி செய்து, பழைய ஐடி நெடுவரிசையின் மேல் `Paste Special`, `Values`. அதன் பிறகுதான் ஃபார்முலா நெடுவரிசையை நீக்க வேண்டும்.

கைப்பேசிக்கு வேறு வழி. சிலர் `083` என்று எழுதியிருப்பார்கள், சிலர் `+27` போட்டிருப்பார்கள். எக்செல் கூட்டல் குறியையும் தின்றுவிடும் என்பதால் ஒன்பது இலக்கமும் பதினொரு இலக்கமும் கலந்து கிடக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து, கடைசி ஒன்பதை எடுத்து முன்னால் சுழியம் சேர்ப்பது:

```
="0"&RIGHT(C2;9)
```

வெளிநாட்டு எண்கள் பட்டியலில் இருந்தால் அவற்றை முதலில் தனியே ஒதுக்கிவிடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணுக்கு இந்த வித்தை எதுவும் செய்யாதீர்கள். அதன் நீளம் வங்கிக்கு வங்கி மாறும். எத்தனை சுழியம் போனது என்று தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உறுப்பினரிடமே கேட்க வேண்டியதுதான்.

### சேர்த்த சுழியம் சரிதானா என்று பார்க்க

ஐடி எண்ணின் பதின்மூன்றாவது இலக்கம் சரிபார்ப்புக்காகவே வைத்தது. லூன் முறை என்பார்கள். `0502305124088` என்ற எண்ணைக் கையால் போட்டுப் பார்ப்போம்.

ஒற்றைப்படை இடங்களில் இருப்பவை 0, 0, 3, 5, 2, 0, 8. கூட்டினால் 18. இரட்டைப்படை இடங்களில் 5, 2, 0, 1, 4, 8. இவற்றை இரட்டிப்பாக்க வேண்டும்: 10, 4, 0, 2, 8, 16. இரண்டு இலக்கமாகிவிட்டால் அந்த இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும், அதாவது 10 என்பது 1, 16 என்பது 7. ஆகமொத்தம் 1+4+0+2+8+7 = 22. பதினெட்டும் இருபத்திரண்டும் நாற்பது. பத்தால் மீதியின்றி வகுபடுகிறது, எண் சரி.

பட்டியல் முழுக்க இதைச் செய்ய, திருத்திய ஐடி B நெடுவரிசையில் இருந்தால்:

```
=MOD(SUMPRODUCT(--MID(B2;ROW($1:$13);1))
+SUMPRODUCT((MOD(ROW($1:$13);2)=0)
*(MID(B2;ROW($1:$13);1)-9*(--MID(B2;ROW($1:$13);1)>4)));10)
```

0 வந்தால் சரி. வேறு எண் வந்தால் அந்த ஐடி தவறு. `#VALUE!` வந்தால் பதின்மூன்று இலக்கம் இல்லை, அல்லது நடுவில் எழுத்தோ இடைவெளியோ இருக்கிறது.

இந்தச் சோதனை நம் கோளாறுக்கு மிகவும் வாகானது. முன்னால் இருந்த சுழியம் கூட்டுத்தொகையில் எதையும் சேர்த்திருக்காது, போனாலும் மிச்சம் இருக்கும் இலக்கங்களின் கணக்கு கெடாது. அதே இடத்தில் 7-ஓ 9-ஓ தொலைந்திருந்தால் கணக்கு இடிக்கும். ஆகவே பன்னிரண்டு இலக்கமாக இருந்த ஒன்றுக்குச் சுழியம் சேர்த்த பிறகு 0 வந்தால், முன்னால் தொலைந்தது சுழியம்தான் என்று நம்பலாம். இடிப்பவற்றைப் பிறந்த தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தட்டச்சு செய்தவர் நடுவில் ஒரு இலக்கத்தை விட்டிருப்பார், நீங்கள் சுழியம் போட்டு அதை மறைக்கப் பார்த்திருப்பீர்கள்.

## அறிகுறி 3: எண்ணின் கடைசியில் ஒரே சுழியமாக இருக்கிறது

இங்கே இரண்டு வேறு நோய்கள் ஒரே முகத்தோடு வரும். கடைசியில் எத்தனை சுழியம் என்று எண்ணுங்கள்.

### கடைசி ஒன்றோ சிலவோ மட்டும் சுழியம், எண் 16 இலக்கமோ அதற்கு மேலோ

எக்செல் ஒரு எண்ணில் பதினைந்து இலக்கம்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். பதினாறாவதிலிருந்து எல்லாம் சுழியம். வங்கி அட்டை எண் பதினாறு இலக்கம், அதனால் கடைசி இலக்கம் போகும். இது திறந்த நொடியிலேயே நடந்துவிடும், ஃபார்முலா பட்டையிலும் தெரியாது. மூலக் கோப்பிலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும். அட்டை எண்ணை ஏன் தாளில் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்பது தனிக் கதை.

ஐடி எண் பதின்மூன்றே இலக்கம் என்பதால் இந்த நோய் அதற்கு வராது.

### ஐடி எண்ணில் கடைசி ஆறு ஏழு இலக்கமும் சுழியம்

இது E வடிவத்தில் சேமித்ததன் தழும்பு. `9202305124086` திரையில் `9,20231E+12` என்று தெரிந்தது. .csv ஆகச் சேமிக்கும்போது எக்செல் செல்லுக்குள் இருப்பதை எழுதாது, திரையில் தெரிவதைத்தான் எழுதும். அடுத்த முறை திறக்கும்போது அதை எண்ணாகப் படித்து `9202310000000` என்று வைத்துக்கொள்ளும். மிஞ்சியது ஆறு இலக்கம், மற்றது எல்லாம் போச்சு.

இதில் ஒரு வேடிக்கை கவனித்திருக்கிறேன். மிஞ்சும் ஆறு இலக்கமும் பிறந்த தேதிதானே, அதையாவது நம்பலாம் என்று தோன்றும். மேலே பாருங்கள்: 30 என்று இருந்த நாள் 31 ஆகிவிட்டது. ஏழாவது இலக்கம் பாலினத்தைக் குறிப்பது, பெண்களுக்கு 0 முதல் 4, ஆண்களுக்கு 5 முதல் 9. E வடிவம் ஆறாவது இலக்கத்தில் முழுமையாக்கும்போது ஏழாவது 5-ஓ அதற்கு மேலோ இருந்தால் ஒன்று கூட்டிவிடுகிறது. ஆகவே பெண்களின் பிறந்த தேதி அப்படியே நிற்கும், ஆண்களுக்கு எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். ஒரு பட்டியலில் ஆண்களின் பிறந்தநாள் மட்டும் ஒரு நாள் பிந்தியிருந்தால், எங்கோ ஒருவர் E-யோடு சேமித்திருக்கிறார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

2001 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு இது வேறு மாதிரி. சுழியம் முதலிலேயே உதிர்ந்ததால் ஆறு இலக்கத்தில் பாலின இலக்கமும் உள்ளே வந்துவிடும். `0502305124088` என்பது `502305000000` ஆகும், தேதி பெரும்பாலும் கெடாது.

எப்படியானாலும் ஐடி எண் மீளாது. ஒரே நாளில் பிறந்த இரு பெண்களுக்கு ஒரே எண் வந்து நிற்கும். தேட வேண்டிய இடங்கள், எளிதானதிலிருந்து:

முதலில் மின்னஞ்சல். அனுப்பியவரின் முதல் இணைப்பு அங்கே அப்படியே இருக்கும். அதைக் கிளிக் செய்து திறக்காமல் கணினியில் இறக்கி, நோட்பேடில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்திருந்தாலும் அப்படியே.

அடுத்து, கோப்பு ஒன்ட்ரைவில் இருந்தால் அதன் மேல் வலது கிளிக், `Version history`. சேமிப்பதற்கு முந்தைய பதிப்பை இறக்கிக்கொள்ளலாம்.

அதற்கு அடுத்து, பட்டியல் எந்த மென்பொருளிலிருந்து வந்ததோ அதிலிருந்து மறுபடி எடுப்பது. உள்ளே எண் நன்றாகத்தான் இருக்கும்.

எதுவும் இல்லை என்றால் பழைய விண்ணப்பத் தாள்களும் தொலைபேசியும்தான். இருக்கிற வழிகளில் அதுதான் விலை அதிகம்.

## அறிகுறி 4: Text என்று மாற்றியும் E போகவில்லை

நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து வடிவத்தை `Text` ஆக்கிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்பார்கள். அந்த மாற்றம் இனி உள்ளே வருவதற்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே எண்ணாகிவிட்டதைத் திருப்பி எழுத்தாக்காது. ஒவ்வொரு செல்லாக `F2`, `Enter` தட்டினால் E போய்விடும், ஆனால் உதிர்ந்த சுழியம் திரும்பாது. அறிகுறி 2-இல் உள்ள ஃபார்முலா அதைவிட வேகம்.

காலித் தாளில் முதலிலேயே `Text` ஆக்கிவிட்டுப் பிறகு தட்டச்சு செய்தால் சுழியம் நிற்கும். வேறு இடத்திலிருந்து ஒட்டும்போது `Match Destination Formatting` தேர்ந்தெடுங்கள். சாதாரணமாக ஒட்டினால் பழைய இடத்தின் வடிவமும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

### செல்லின் மூலையில் பச்சை முக்கோணம்

எழுத்தாகச் சேமித்த எண் என்று எக்செல் முணுமுணுக்கிறது. அது நாம் விரும்பியதுதான். `Convert to Number` என்று காட்டும், அதைத் தொடாதீர்கள். `Ignore Error` போதும்.

### தேடல் ஃபார்முலா #N/A தருகிறது

ஒரு தாளில் ஐடி எழுத்தாகவும் மற்றதில் எண்ணாகவும் இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் `VLOOKUP` இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது. இரண்டையும் எழுத்தாக்குங்கள், எண்ணாக அல்ல.

## சரியாக இறக்கும் முறை

.csv கோப்பை இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள். அப்படித் திறந்தால் எக்செல் எதையும் கேட்காமல் எண் போலத் தெரிவதை எல்லாம் எண்ணாக்கிவிடும்.

### எக்செல், விண்டோஸில்

புதிய வெற்றுத் தாள் ஒன்றைத் திறந்து `Data`, `From Text/CSV`, கோப்பைத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டம் வரும். அதில் `Delimiter` பெட்டியில் அரைப்புள்ளியா காற்புள்ளியா என்று நோட்பேடில் பார்த்ததையே வையுங்கள். தமிழ்ப் பெயர்கள் கந்தலாகத் தெரிந்தால் `File Origin` என்பதை `65001: Unicode (UTF-8)` ஆக்குங்கள்.

இப்போது `Load` அழுத்தாமல் `Transform Data` அழுத்துங்கள். புதிய சாளரத்தின் வலப்பக்கம் `Applied Steps` என்று ஒரு பட்டியல் இருக்கும்: `Source`, `Promoted Headers`, `Changed Type`. இந்தக் கடைசிப் படிதான் சுழியத்தை உதிர்ப்பது. அதன் முன்னால் இருக்கும் சிறிய பெருக்கல் குறியை அழுத்தி அந்தப் படியை நீக்குங்கள். நெடுவரிசைத் தலைப்புகளில் `123` என்று இருந்த குறி மாறும், ஐடியில் சுழியம் திரும்பி வந்து நிற்பது கண்ணெதிரே தெரியும். பிறகு `Close & Load`.

நெடுவரிசைத் தலைப்பில் உள்ள குறியைக் கிளிக் செய்து `Text` என்று மாற்றுவதும் ஒரு வழிதான். அப்போது `Replace current` வேண்டுமா `Add new step` வேண்டுமா என்று கேட்கும். `Replace current` தான் சரி. மற்றதை அழுத்தினால் முதலில் எண்ணாக்கி, சுழியத்தை இழந்து, பிறகு அதை எழுத்தாக்கும். முடிவைப் பார்த்தால் இடப்பக்கம் ஒட்டிய எழுத்தாகவே இருக்கும், சுழியம் மட்டும் இருக்காது. "நான் டெக்ஸ்ட்டாகத்தானே இறக்கினேன்" என்பவர்களில் பலர் மாட்டியது இங்கேதான்.

முன்னோட்டத்தில் `Do not detect data types` என்று ஒரு தேர்வும் உண்டு. அதைப் போட்டால் தலைப்பு வரிசை முதல் தரவு வரிசையாகிவிடும். சரிசெய்ய `Use First Row as Headers` அழுத்துவீர்கள், அது பல கணினிகளில் கூடவே ஒரு `Changed Type` படியைச் சேர்த்துவிடும். ஆகவே எந்த வழியில் போனாலும் கடைசியில் அந்தப் பட்டியலை ஒரு முறை பாருங்கள்.

இறக்கிய பிறகு ஐடி நெடுவரிசையின் வடிவத்தையும் `Text` ஆக்கிவிடுங்கள். `General` ஆக விட்டால், யாராவது ஒரு பெயரைத் திருத்தும்போது பக்கத்து ஐடியிலும் `F2`, `Enter` தட்டினால் அந்த ஒன்று மட்டும் எண்ணாகிவிடும். பிறகு .xlsx ஆகச் சேமியுங்கள்.

### மற்றவை

லிப்ரே ஆஃபீஸ் கால்க் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். .csv திறந்தாலே கேள்விப் பெட்டி வரும். கீழே முன்னோட்டத்தில் ஐடி நெடுவரிசையின் தலையைக் கிளிக் செய்து `Column type` இல் `Text`. கூகுள் ஷீட்ஸில் `File`, `Import`. கடைசிப் பெட்டியில் `Convert text to numbers, dates, and formulas` என்பதன் டிக்கை எடுத்துவிட வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் 365-இன் புதிய பதிப்புகளில் `File`, `Options`, `Data` போனால் `Automatic Data Conversion` என்று ஒரு பகுதி இருக்கிறது. முன் சுழியத்தை நீக்குவதையும் நீண்ட எண்ணைச் சுருக்குவதையும் அங்கேயே அணைத்து வைக்கலாம். அலுவலகக் கணினியில் இதை அணைப்பது நல்லதுதான், ஆனால் அது அந்தக் கணினிக்கு மட்டும். பொருளாளர் வீட்டு மடிக்கணினிக்கு அது தெரியாது.

ஐடி பட்டியலைச் சரிசெய்துதருகிறோம் என்று சொல்லும் இணையதளங்களில் ஏற்றிவிடாதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா சங்கங்களுக்கும் பொருந்தும்.

## அறிகுறி 5: எல்லாம் சரி, ஆனால் .csv ஆகத்தான் அனுப்பச் சொல்கிறார்கள்

.xlsx கோப்பைத் தாய்க் கோப்பாக வைத்துக்கொண்டு `Save As` மூலம் .csv நகல் எடுங்கள். ஐடி எழுத்தாக இருப்பதால் சுழியத்தோடு எழுதும். சரியாக வந்ததா என்று பார்க்க அந்த .csv-யை எக்செலில் திறக்காமல் நோட்பேடில் திறங்கள்.

சில மென்பொருள்கள் `="0502305124088"` என்று எழுதி எக்செலை ஏமாற்றும். மனிதர் திறந்து பார்க்க அது உதவும். ஆனால் வங்கிக்கோ வேறு கணினி அமைப்புக்கோ போகும் கோப்பில் அந்தச் சமக்குறியும் மேற்கோளும் எண்ணின் பகுதியாகிவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

## வேறு ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

மாதாமாதம் ஒரே மென்பொருளிலிருந்து வரும் கோப்பிலேயே, அதாவது யாரும் எக்செலில் தொடாத கோப்பிலேயே, நோட்பேடில் E தெரிகிறது அல்லது சுழியம் இல்லை என்றால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த மென்பொருளைத் தந்தவரிடம், ஐடி புலத்தை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைக்கச் சொல்ல வேண்டும். நோட்பேட் படத்தோடு அனுப்பினால் வாக்குவாதம் குறையும்.

லூன் சோதனையில் ஒன்றிரண்டு இடித்தால் தட்டச்சுப் பிழை, நீங்களே பார்க்கலாம். பட்டியலில் பெரும்பகுதி இடித்தால் மேற்கொண்டு எதையும் திருத்தாமல் நிறுத்துங்கள். தரவு மீட்பு தெரிந்தவருக்குத் திருத்தாத கோப்புதான் உதவும்.

கெட்ட கோப்பு ஏற்கெனவே பணம் செலுத்தவோ வரிக் கணக்குக்கோ போய்விட்டது என்றால் அது எக்செல் வேலை இல்லை. அன்றைக்கே வங்கியையும் கணக்காளரையும் அழைத்து, எந்தக் கோப்பு, எத்தனை மணிக்கு அனுப்பியது, எந்த நெடுவரிசை கெட்டது என்று சொல்லுங்கள். திருத்திய கோப்பைத் தாமாக மறுபடி அனுப்பிவிடாதீர்கள். முதல் கோப்பில் சரியாக இருந்த வரிசைகளுக்குப் பணம் இரண்டாம் முறையும் போகும்.